வீட்டிலேயே குவார்க் செய்வது எப்படி: கொஞ்சம் உறை, இரண்டு இளஞ்சூடு

குவார்க் என்பது பாலை உறை ஊற்றிப் புளிக்கவைத்து, தண்ணீரை வடித்து எடுக்கும் மென்மையான புதுச் சீஸ். இதில் சூடு இரண்டு தடவை வருகிறது. முதல் சூடு, உறையிலுள்ள பாக்டீரியா வேலை செய்வதற்கு. இரண்டாவது சூடு, உறைந்த பால் தன் தண்ணீரை விடுவதற்கு. இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு அளவு. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் தடுமாறுகிறார்கள். அதைத் தவிர்த்துவிட்டு நேரே துணியில் ஊற்றுகிறார்கள், இல்லையென்றால் அவசரப்பட்டு அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். அதனால் அந்தப் படியைக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

கீழே வரும் அளவெல்லாம் 2 லிட்டர் பாலுக்கு. கடைசியில் 550 முதல் 600 கிராம் வரை குவார்க் கிடைக்கும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பால்: பாஸ்டரைஸ் செய்த சாதாரணப் பால் 2 லிட்டர். 3.5% கொழுப்புள்ள பாலில் செய்தால் வழவழப்பாக வரும். 1.5% பாலில் செய்தால் தண்ணீர் சீக்கிரம் வடியும், கட்டி கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். முதல் தடவைக்கு இரண்டுமே சரிதான்.

யுஎச்டி பால், அதாவது மிக அதிகச் சூட்டில் பதப்படுத்திய பால் வேண்டாம். பால் உறைந்தபின் பிரியும் தண்ணீர்தான் தெளிநீர். அந்தச் சூட்டில் பாலிலுள்ள தெளிநீர்ப் புரதங்கள் உருக்குலைந்து, உறைந்து கட்டியாகும் புரதமான கேசீனோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டியவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பால் உறையும், ஆனால் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மணிக்கணக்கில் தொளதொளவென்றே இருக்கும். வீட்டில் நன்றாகக் கொதிக்கவைத்த பாலுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். பாஸ்டரைஸ் செய்த பாலை மறுபடி காய்ச்சாமல் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். கறந்த பால்தான் கைவசம் இருக்கிறது என்றால், 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, உடனே ஆறவைத்துக்கொள்ளுங்கள்.

உறை: மிதமான சூட்டில் வேலை செய்யும் மீசோஃபிலிக் கல்ச்சர் தேவை. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாதான் இதில் முக்கியம். இது பொடியாகக் கிடைக்கும். பொடி இல்லையென்றால், உயிருள்ள கல்ச்சர் சேர்த்துப் புளிக்கவைத்த கெட்டியான பட்டர்மில்க் 60 மில்லி போதும். அதைக் காலாவதித் தேதிக்கு வெகு முன்னதாக, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். புளிக்கவைத்த பிறகு சூடுபடுத்திய வகை என்று பாக்கெட்டின் மேல் போட்டிருந்தால் அதில் உயிருள்ள பாக்டீரியா இருக்காது.

யோகர்ட்டை உறையாக ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. யோகர்ட்டிலுள்ள பாக்டீரியாவுக்கு 40 முதல் 45 டிகிரி வரை வேண்டும். குவார்க்குக்கு வைக்கும் 26 டிகிரியில் அது மந்தமாகத்தான் நகரும். அதற்காகச் சூட்டைக் கூட்டினால் கிடைப்பது வடிகட்டிய யோகர்ட். அதுவும் சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் குவார்க்குக்கு உரிய மெல்லிய வெண்ணெய் மணம் அதில் வராது.

இவற்றோடு 3 லிட்டர் பிடிக்கும் மூடியுள்ள பாத்திரம், அது உள்ளே அடங்கும் அளவுக்குப் பெரிய இன்னொரு பாத்திரம், தெர்மாமீட்டர், நீளமான கத்தி, குழிக்கரண்டி, வடிகூடை, நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணி ஆகியவை வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாமல் முயற்சி செய்ய வேண்டாம். சில டிகிரி வித்தியாசம் விரலுக்குச் சரியாகத் தெரியாது, குவார்க்குக்குத் தெரியும்.

2. சுத்தம், அப்புறம் முதல் சூடு

பாத்திரம், கரண்டி, கத்தி எல்லாவற்றின் மீதும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, துடைக்காமல் அப்படியே உலரவிடுங்கள். பால் அறைச் சூட்டில் பல மணி நேரம் உட்காரப் போகிறது. நாம் ஊற்றும் பாக்டீரியாவுக்கு முன்னால் வேறெதுவும் அதில் இடம் பிடித்துவிடக் கூடாது.

பாலைப் பாத்திரத்தில் ஊற்றி, மிகச் சிறிய தீயில் கிளறிக்கொண்டே 26 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலுக்கே இது சில நிமிட வேலைதான். 24 டிகிரியிலேயே அடுப்பை அணைத்துவிடுங்கள், பாத்திரத்தின் அடிச்சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். தவறி 35க்குப் போய்விட்டால், ஆறும்வரை காத்திருந்து 26 ஆன பிறகே உறை ஊற்றுங்கள். நல்ல சூட்டில் உறை ஊற்றினால் இந்தப் பாக்டீரியா தளர்ந்துபோகும், 40ஐத் தாண்டினால் வேலையையே நிறுத்திவிடும்.

3. உறை கலப்பது

பட்டர்மில்க் என்றால், முதலில் ஒரு கப்பில் கொஞ்சம் பாலோடு சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு பெரிய பாத்திரத்தில் ஊற்றி ஒரு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். கட்டியாக ஊற்றினால் ஓரிடத்தில் சீக்கிரமும் இன்னோரிடத்தில் தாமதமாகவும் உறையும்.

பொடி என்றால், பாக்கெட்டில் சொன்ன அளவைப் பாலின் மேல் தூவி, 5 நிமிடம் ஊறவிட்ட பிறகு கலக்குங்கள். தூவியவுடன் கலக்கினால் பொடி உருண்டு கட்டிக்கொள்ளும்.

அளவைக் கூட்டினால் நேரம் மிச்சமாகும் என்று நினைத்து 200 மில்லி ஊற்றுகிறவர்கள் உண்டு. உறைவது கொஞ்சம் முந்தும், ஆனால் புளிப்பும் அதே வேகத்தில் ஏறி, வெட்ட வேண்டிய நேரத்தைத் தவறவிடுவது எளிதாகிவிடும்.

சில செய்முறைகளில் பாலைத் திரளவைக்கும் நொதியான ரென்னெட்டும் ஒரு துளி சேர்க்கச் சொல்வார்கள். அது கட்டியை உறுதியாக்கும், தண்ணீர் வடிவதையும் எளிதாக்கும். இங்கே நான் அதைச் சேர்க்கவில்லை. இரண்டாவது சூட்டை ஒழுங்காகக் கொடுத்தால் அந்த உதவி இல்லாமலே நன்றாக வடியும். மேலும், ரென்னெட் கை தவறி அதிகமானால் ரப்பர் மாதிரி ஆகி, நாள் போகப்போகக் கசக்கும். முதல் தடவை அது இல்லாமலே செய்து பாருங்கள்.

4. அசையாமல் உறைய விடுவது

மூடி போட்டு, 22 முதல் 26 டிகிரி வரை உள்ள இடத்தில் வையுங்கள். 26இல் 16 முதல் 18 மணி நேரம் ஆகும். 22 என்றால் ஒரு நாள் வரைகூட இழுக்கும். அறை குளிராக இருந்தால், அணைத்து வைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வைக்கலாம், அல்லது மூடியுள்ள பெட்டிக்குள் ஒரு வெந்நீர் பாட்டிலோடு வைக்கலாம். ஓவன் விளக்கு சில அடுப்புகளில் 35 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடும். வெறும் தண்ணீரை உள்ளே வைத்து முன்கூட்டியே ஒரு தடவை அளந்து பார்த்துவிடுங்கள்.

அறை 30 டிகிரியில் இருந்தால் 10, 12 மணி நேரத்திலேயே உறைந்துவிடும். அப்போது பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்தால் வேகம் கட்டுப்படும்.

இந்த நேரம் முழுவதும் பாத்திரத்தை நகர்த்தவோ கலக்கவோ கூடாது. புளிப்பு ஏற ஏற கேசீன் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வலையாகிறது. பாதி உருவான வலையை அசைத்தால் அது மீண்டும் அதே மாதிரி கூடாது. கடைசியில் பொடிப்பொடியான கட்டியும் பால் கலந்த தண்ணீரும்தான் மிஞ்சும்.

5. உறைந்ததா என்று எப்படித் தெரியும்

கடிகாரத்தை விடப் பாத்திரத்தைப் பாருங்கள். மூன்று அடையாளங்கள் உண்டு. கட்டி பாத்திரத்தின் ஓரத்திலிருந்து மெல்லிய இடைவெளி விட்டு விலகியிருக்கும். மேற்பரப்பில் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தெளிநீர் ஆங்காங்கே தேங்கியிருக்கும். கத்தியைச் சாய்வாகச் செருகி மெதுவாகத் தூக்கினால், கட்டி ஒரே கோடாகப் பிளந்து, அந்தப் பிளவில் தெளிவான தண்ணீர் ஊறும்.

பிளவில் ஊறும் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருந்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். மூடிவிட்டு 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். புளிப்பின் அளவான பிஹெச் பார்க்கும் தாள் இருந்தால் 4.6க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். கேசீன் முழுவதுமாகத் திரண்டு நிற்பது அந்தப் புள்ளியில்தான்.

கட்டிக்குள் சிறுசிறு ஊசித்துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். வெண்ணெய் மணம் தரும் சில பாக்டீரியா வகைகள் கொஞ்சம் வாயுவும் விடும். ஆனால் கட்டி பஞ்சு போல உப்பி, நுரைத்து, ஈஸ்ட் வாடையோ அழுகல் வாடையோ அடித்தால் வேறு கிருமி புகுந்துவிட்டது. முழுவதையும் கொட்டிவிடுங்கள், சுவை பார்க்கவும் வேண்டாம். 24 மணி நேரம் ஆகியும் பால் பாலாகவே இருந்தாலும் கொட்ட வேண்டியதுதான். உறை செத்திருக்கிறது, அமிலம் வந்து பாலைக் காக்கவில்லை.

அடுத்த தடவைக்கு உறை வேண்டுமென்றால் இந்தக் கட்டத்திலேயே 60 மில்லி எடுத்து, கொதிநீரில் கழுவிய சிறு பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். துணி, வடிகூடை எல்லாம் தொட்ட பிறகு எடுத்தால் வேண்டாத கிருமியும் கூடவே வரும். 5 நாளுக்குள் பயன்படுத்துங்கள். சில சுற்றுக்குப் பிறகு புது உறைக்கு மாறிவிடுங்கள்.

6. வெட்டுவது

நீளக் கத்தியால் அடிவரை இறக்கி, மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் நீளவாக்கிலும் குறுக்காகவும் வெட்டுங்கள். அவ்வளவுதான், கிளற வேண்டாம். வெட்டிய ஒவ்வொரு முகமும் தண்ணீர் வெளியேற ஒரு வழி. சிறிதாக வெட்டினால் இன்னும் வேகமாக வடியுமே என்று தோன்றும். ஆனால் ரென்னெட் இல்லாத கட்டி மிக மென்மையானது, சிறு துண்டுகள் உடைந்து துணியின் வழியே ஓடிவிடும். வெட்டி 10 நிமிடம் அப்படியே விடுங்கள், வெட்டிய முகங்கள் கொஞ்சம் இறுகும்.

7. இரண்டாவது சூடு

இலக்கு 36 டிகிரி. அங்கே போய்ச்சேர 40 முதல் 45 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சூடு ஏறும்போது கேசீன் வலை சுருங்குகிறது. சுருங்கும்போது உள்ளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை விடுகிறது. மெதுவாகச் சூடேறினால் துண்டு முழுவதும் ஒரே சீராகச் சுருங்கும். வேகமாகச் சூடேற்றினால் வெளிப்பக்கம் முதலில் இறுகித் தோல் கட்டிவிடும், உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கும். அப்படிச் செய்த குவார்க்கை வாயில் போட்டால் மணல் மணலாக இருக்கும், அதே சமயம் ஈரமாகவும் இருக்கும்.

அடுப்பின் மேல் நேராக வைக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் 45 டிகிரி வெந்நீர் ஊற்றி, அதற்குள் கட்டிப் பாத்திரத்தை இறக்குங்கள். வெந்நீரின் மட்டம் உள்ளே கட்டியின் மட்டத்துக்கு இருக்கட்டும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். கட்டி 25 டிகிரியில் தொடங்கினால், 20 நிமிடத்தில் நடுவில் 30, 31 காட்டும். அதற்குள் வெளித்தண்ணீர் 38 அளவுக்கு இறங்கியிருக்கும். அதில் ஒரு பகுதியை மொண்டு எடுத்துவிட்டுக் கொதிநீர் சேர்த்து மறுபடி 45க்குக் கொண்டு வாருங்கள். கொதிநீரைக் கட்டிப் பாத்திரத்தின் மீது படாமல் ஓரமாக ஊற்ற வேண்டும். இன்னொரு 20 நிமிடத்தில் நடுப்பகுதி 35, 36ஐத் தொடும்.

தெர்மாமீட்டரை எப்போதும் நடுவில் செருகிப் பாருங்கள். ஓரம் 38 காட்டும்போது நடு இன்னும் 30இலேயே இருக்கலாம். இதைச் சமன்செய்ய, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை குழிக்கரண்டியை ஓரமாக அடிவரை இறக்கி, துண்டுகளை உடைக்காமல் நடுவுக்கு மெல்லத் தள்ளினால் போதும்.

சூடு ஏறுவதைக் கண்ணாலும் பார்க்கலாம். தொடக்கத்தில் துண்டுகளுக்கு நடுவே வெறும் கோடாக இருந்த தண்ணீர், 30ஐத் தாண்டியதும் வாய்க்கால் மாதிரி அகலும். 36ஐ நெருங்கும்போது துண்டுகள் சிறுத்து, தெளிநீருக்குள் அமிழத் தொடங்கும். ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து லேசாகச் சாய்த்தால் நடுங்கும், ஆனால் ஓரம் மழுங்காமல் நிற்கும். அதுதான் பக்குவம்.

38க்கு மேல் போக வேண்டாம். 42, 43ஐத் தாண்டினால் கட்டி இறுகித் தனித்தனி மணியாகத் தொடங்கும். காட்டேஜ் சீஸ் செய்கிறவர்கள் வேண்டுமென்றே 50க்கு மேல் கொண்டு போவது அந்த மணிகளுக்காகத்தான். குவார்க்கில் நமக்கு வழவழப்பு வேண்டும், ஒரு தடவை மணியாகிவிட்டால் எவ்வளவு கடைந்தாலும் அது திரும்பாது.

36 வந்ததும் பாத்திரத்தை வெளியே எடுத்து 20 நிமிடம் விடுங்கள். துண்டுகள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடியில் படியும்.

8. துணியில் வடிப்பது

துணியைத் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவைத்துப் பிழிந்து, வடிகூடையில் இரண்டு மடிப்பாக விரியுங்கள். ஈரத்துணி தெளிநீரை உடனே வழியவிடும், உலர்ந்த துணியில் கட்டி ஒட்டிக்கொண்டு கண்ணை அடைக்கும். கூடைக்கு அடியில் ஆழமான பாத்திரம் வைத்து, வடியும் தண்ணீர் கூடையின் அடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே நிற்கும் தெளிநீரை முதலில் மொண்டு எடுத்துவிட்டு, பிறகு கட்டியைக் குழிக்கரண்டியால் அள்ளிப் போடுங்கள். பாத்திரத்தோடு கவிழ்த்தால் அந்த வேகத்திலேயே பாதி உடைந்துபோகும்.

ஒரு மணி நேரம் அறைச் சூட்டில் வடியட்டும். இளஞ்சூடாக இருக்கும்போதுதான் தண்ணீர் எளிதாகப் பிரியும். அதற்கு மேல் வெளியே வைத்தால் பாக்டீரியா தொடர்ந்து வேலை செய்து புளிப்பைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால் துணியின் முனைகளை முடிந்து, பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்து மேலும் 5, 6 மணி நேரம் வடியவிடுங்கள். நடுவில் ஒரு தடவை துணியைப் பிரித்து, ஓரத்தில் இறுகியதைக் கரண்டியால் வழித்து நடுவுக்குத் தள்ளினால் அடைபட்ட துணி மறுபடி வழிவிடும்.

பிழிய வேண்டாம். பிழிந்தால் தண்ணீரோடு சீஸும் துணியின் கண் வழியே பிதுங்கி வரும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு வடிந்த தண்ணீரை அளந்து பார்ப்பதுதான் நம்பகமான வழி. மொண்டு எடுத்ததையும் சேர்த்து 1.4 முதல் 1.5 லிட்டர் வந்திருந்தால், துணியில் 600 கிராம் அளவில் கரண்டியால் அள்ளும் பதத்தில் இருக்கும். 1.6 லிட்டர் வந்திருந்தால் கேக் போன்றவற்றுக்கு ஏற்ற கெட்டிப் பதம்.

9. குழைப்பதும் வைத்திருப்பதும்

துணியிலிருந்து எடுத்ததும் வெளிப்பக்கம் வறண்டும் நடு ஈரமாகவும் இருக்கும். ஒரு கிண்ணத்தில் போட்டு விஸ்க்கால் ஒன்றிரண்டு நிமிடம் அடித்தால் ஒன்றுபோலாகும். ரொம்ப இறுகியிருந்தால் வடித்த தெளிநீரையே ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்து அடியுங்கள். குறைந்த கொழுப்புப் பாலில் செய்திருந்தால் இந்த இடத்தில் இரண்டு மூன்று ஸ்பூன் க்ரீம் கலந்தால் வாயில் வழுக்கும். உப்பு கட்டாயமில்லை.

மூடியுள்ள டப்பாவில், 4 டிகிரியில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மேலே கொஞ்சம் தண்ணீர் விடுவது இயல்பு, கலந்துகொள்ளலாம். பூஞ்சை, இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது, டப்பா முழுவதையும் கொட்ட வேண்டும்.

10. ஒழுங்காக வராவிட்டால் எங்கே பார்க்க வேண்டும்

வடிந்த தண்ணீர் வெள்ளையாக இருந்தால், உறையும் முன்பே வெட்டியிருக்கிறீர்கள் அல்லது சூடேற்றும்போது கிளறியிருக்கிறீர்கள். எடை குறைவாக வருவதும் இதனால்தான், புரதம் தண்ணீரோடு போய்விட்டது.

இரவு முழுவதும் வடித்தும் தொளதொளவென்று இருந்தால், முதலில் பாலைச் சந்தேகப்படுங்கள். யுஎச்டி பாலாகவோ கொதிக்கவைத்த பாலாகவோ இருக்கும். பால் சரி என்றால், இரண்டாவது சூடு நடுப்பகுதிக்கு எட்டவில்லை.

மணல் மணலாக இருந்தால் சூடு அதிகம் அல்லது வேகம் அதிகம். சல்லடையில் தேய்த்து எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். வேகவைக்கும் பண்டங்களில் சேர்த்தால் தெரியாது.

புளிப்பு தூக்கலாக இருந்தால் உறைந்த பிறகும் நீண்ட நேரம் விட்டிருக்கிறீர்கள், அல்லது அறைச் சூட்டிலேயே வடித்திருக்கிறீர்கள். அடுத்த தடவை, கட்டி ஓரம் விலகிய உடனே வெட்டுவதற்குத் தோதாகத் தொடங்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இரவு 8 மணிக்கு உறை ஊற்றினால் மறுநாள் மதியம் 12 முதல் 2 மணிக்குள் வெட்டும் நேரம் வரும். வடித்து முடிக்க இரவாகிவிடும். காலையில் ஊற்றினால் வெட்டும் நேரம் நடுச்சாமத்தில் வந்து நிற்கும், எழுந்திருக்காமல் விடிய விட்டுவிட்டால் புளிப்பு ஏறிவிடும்.

கசப்பாக இருந்தால் ரென்னெட் அளவைக் குறையுங்கள். ரென்னெட்டே சேர்க்கவில்லை என்றால் உறை பழசாகியிருக்கிறது அல்லது பாலே பழசு. இரண்டையும் புதிதாக வாங்கித் தொடங்குங்கள்.